பையில் எத்தனை மட்டைகள்? கோல்ஃபின் 14 வரம்பும் வாரயிறுதி ஆட்டக்காரரின் தேர்வும்

கோல்ஃப் ஆட்டத்தின் ஒரு சுற்றை யாரும் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது. இந்த ஆட்டத்துக்கு உலக அளவில் விதி வகுப்பவை இரண்டு அமைப்புகள். ஒன்று அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ., மற்றொன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இருக்கும் ஆர் அண்டு ஏ. இரண்டும் சேர்ந்து வெளியிடும் விதிநூலின் நான்காம் விதியில் இந்த வரம்பு இடம்பெற்றிருக்கிறது. புல்தரையில் பந்தைக் குழியை நோக்கி உருட்டப் பயன்படும் பட்டரும் இந்தக் கணக்கில் அடங்கும். குறைந்தபட்சம் இத்தனை இருக்க வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு மட்டையோடு 18 குழிகளையும் ஆடி முடிப்பவர்கூட விதிப்படி ஆடியவர்தான்.

இந்த வரம்பு ஆட்டம் பிறந்தபோதே வந்ததல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டைகளின் தண்டு ஹிக்கரி மரத்தால் செய்யப்பட்டது. ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு விதமாக வளையும், முறுக்கிக்கொள்ளும். ஆட்டக்காரர் தம் கைக்குப் பழகிய சில மட்டைகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைக் கொண்டே பந்தைத் தூரமாகவும் கிட்டமாகவும் தாழ்வாகவும் உயரமாகவும் அடித்துச் சமாளித்தார். 1916ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் போட்டியைச் சிக் எவன்ஸ் வென்றபோது அவரிடம் இருந்தவை ஏழே மட்டைகள். அந்தப் போட்டியில் அவர் எடுத்த 286 என்ற மொத்த அடிக்கணக்கை முறியடிக்க 20 ஆண்டுகள் ஆயின.

எஃகுத் தண்டு வந்ததும் நிலைமை மாறியது. அமெரிக்காவில் 1924இலும் பிரிட்டனில் 1929இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒரே மாதிரி வளையும் தண்டுகளை ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்ததால், சீராக ஏறியிறங்கும் மட்டை வரிசைகள் கடைக்கு வந்தன. இன்ன தூரத்துக்கு இன்ன மட்டை என்று வாங்கிவிடலாம் என்றான பிறகு பைகள் பெருத்தன. 1934இலும் 1935இலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டங்கள் இரண்டையும் வென்ற லாசன் லிட்டில், சில சமயம் 31 மட்டைகள் வரை கொண்டுசென்றார் என்று சொல்லப்படுகிறது. பை தூக்கும் கேடிகளுக்கு அது தாங்க முடியாத சுமை. கையின் திறமை செய்ய வேண்டிய வேலையைப் பணம் கொடுத்து வாங்கிவிட முடிகிறதே என்ற மனக்குறையும் ஆட்டத்தை நேசித்தவர்களிடம் இருந்தது. 1938 தொடக்கத்தில் அமெரிக்க அமைப்பு 14 என்று வரையறுத்தது. மறு ஆண்டே பிரிட்டிஷ் அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் இந்த எண் மாறவில்லை.

வரம்பை மீறினால் தண்டனை கடுமையானது. அடிகளை எண்ணி ஆடும் போட்டியில், கூடுதல் மட்டை பையில் இருந்த ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடிகள் சேர்க்கப்படும். ஒரு சுற்றுக்கு நான்கு அடிகளுக்கு மேல் சேராது. அந்த மட்டையால் பந்தைத் தொட்டிருக்கவே வேண்டாம், பையில் இருந்தாலே போதும். தவறு தெரிந்த உடனே, அடுத்த அடி அடிப்பதற்கு முன், எந்த மட்டையை விலக்குகிறோம் என்பதை எதிராளியிடமோ கணக்கு எழுதுபவரிடமோ தெரிவிக்க வேண்டும். அல்லது அந்த மட்டையைப் பையில் தலைகீழாகச் செருகுவது போல, கண்ணுக்குத் தெரியும்படி ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விலக்கிய மட்டையால் ஆடினால் தகுதி நீக்கம்தான்.

இந்த விதியால் மிகப் பெரிய அடி வாங்கியவர் வேல்ஸைச் சேர்ந்த இயன் வூஸ்னம். 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் ராயல் லிதம் அண்ட் செயின்ட் ஆன்ஸ் மைதானத்தில் நடந்தது. கடைசி நாளில் முன்னணியைப் பகிர்ந்துகொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மைதானத்தின் முதல் குழி, பெரும்பாலான மைதானங்களில் இருப்பதுபோல் நீளமானதல்ல, மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குறுகிய குழி. அதில் வூஸ்னம் இரும்பு மட்டையால் அடித்த பந்து குழிக்கு மிக அருகில் நின்றது, இரண்டாவது அடியில் உள்ளே போனது. நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் அங்கே தேவைப்படவில்லை. ஆகவே பையில் இரண்டு டிரைவர்கள் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் பயிற்சித் திடலில் அவர் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்திருந்தார். வேண்டாத ஒன்றை வெளியே எடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டாம் குழியில் டிரைவரை எடுக்க வேண்டிய நேரத்தில்தான் கேடி மைல்ஸ் பைர்ன் அதைச் சொன்னார். மூன்றுக்கு இரண்டாக முடிந்த குழி, தண்டனையோடு நான்காக எழுதப்பட்டது. வூஸ்னம் இறுதியில் மூன்றாம் இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். வார இறுதியில் ஆடும் நண்பர்களுக்கும் இதே தவறு இதே வழியாகத்தான் நேர்கிறது. புதிதாக வாங்கிய ஒன்றைச் சோதிக்கப் பையில் போட்டு, பழையதை எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் வரம்பின் மேல் எல்லையைப் பற்றியது. பொழுதுபோக்காக ஆடுபவரின் சிக்கல் வேறு. அவர் 14ஐத் தாண்டுவது அரிது. கடையில் 14 விற்கிறார்கள் என்பதற்காக 14ஐயும் வாங்கிச் சுமக்கிறார், அவற்றில் நான்கைந்து அவருக்கு எந்தப் பயனும் தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, மட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

மட்டையின் முகம் செங்குத்தாக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை லாஃப்ட் என்பார்கள். டிரைவரில் அது 10 பாகை அளவில் இருக்கும். மணலிலிருந்து பந்தை எழுப்பும் சாண்ட் வெட்ஜில் 56 பாகை. சாய்வு கூடக் கூடப் பந்து உயரமாக எழும், குறைந்த தூரம் போகும். டிரைவருக்கு அடுத்து, மரத்தால் செய்த காலத்துப் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் வுட் மட்டைகள் வருகின்றன. மூன்றாம் எண் வுட் 15 பாகை, ஐந்தாம் எண் 18 பாகை. பிறகு வுட்டுக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட ஹைபிரிட். அதன் பின் நான்கு முதல் ஒன்பது வரை எண்ணிட்ட இரும்பு மட்டைகள். எண் கூடும்போது தண்டு சுமார் அரை அங்குலம் குறையும், சாய்வு மூன்று நான்கு பாகை கூடும். கடைசியில் வெட்ஜ்கள், பட்டர். அடுத்தடுத்த இரும்புகளுக்கிடையே 10 முதல் 12 கெஜம் வித்தியாசம் இருக்கும் என்பதுதான் வரிசையின் நோக்கம்.

வேகமாக வீசும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இந்த நோக்கம் நிறைவேறும். மெதுவாக வீசுபவருக்கு நிறைவேறாது. பந்து காற்றில் மிதப்பதற்கு இரண்டு தேவை: அது புறப்படும் வேகம், பின்னோக்கிய சுழற்சி. சாய்வு குறைந்த மட்டையால் அடித்த பந்து தாழ்வாகப் புறப்படும். வேகம் போதுமான அளவு இருந்தால் சுழற்சி அதை மேலே தூக்கிப் பிடிக்கும். வேகம் இல்லாவிட்டால் சீக்கிரமே விழுந்துவிடும். அதனால் நான்காம் எண் இரும்பால் அடித்த பந்தும் ஐந்தாம் எண்ணால் அடித்ததும் ஆறாம் எண்ணால் அடித்ததும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. நீளமான தண்டு மையத்தில் படுவதும் கடினம். மையம் தவறினால் மேலும் சில கெஜம் போய்விடும். வரிசையின் நீண்ட முனையில் இப்படி மட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குவிகின்றன.

குறுகிய முனையில் நேர் எதிரான சிக்கல். சில பத்தாண்டுகளுக்கு முன் ஏழாம் எண் இரும்பின் சாய்வு 35 பாகையை ஒட்டி இருந்தது. இன்று தொடக்க ஆட்டக்காரர்களுக்கென விற்கும் பல வரிசைகளில் அது 30 பாகை, சிலவற்றில் அதற்கும் குறைவு. புது மட்டையால் அதிக தூரம் போகிறது என்று வாங்குபவர் மகிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண் பழையது, சாய்வு புதியது. அதே கணக்கில் பிட்சிங் வெட்ஜின் சாய்வும் 48லிருந்து 44 பாகையை ஒட்டி இறங்கிவிட்டது. சாண்ட் வெட்ஜ் மட்டும் பழைய 56இலேயே நிற்கிறது. மற்ற இடங்களில் நான்கு பாகைக்கு ஒரு மட்டை என்றிருக்க, இங்கே 12 பாகை வெறுமையாகக் கிடக்கிறது. குழியிலிருந்து 80 கெஜத்தில் நிற்பவர் ஒன்று மட்டையை முழுதாக வீசித் தாண்டிவிடுகிறார், அல்லது அரைகுறையாக வீசிக் குறைத்துவிடுகிறார்.

ஆகவே தேர்வு அளப்பதில் தொடங்க வேண்டும். பயிற்சித் திடலில் ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்துகள் அடித்து, பந்து முதலில் தரையைத் தொட்ட தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உருண்டு போனதைச் சேர்க்கக் கூடாது, அது தரையின் ஈரத்தைப் பொறுத்தது. மிக மோசமான இரண்டையும் மிக நன்றாகப் போன இரண்டையும் விட்டுவிட்டு, மிஞ்சிய ஆறின் சராசரியைக் கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை, தாம் வாழ்க்கையில் அடித்த மிகச் சிறந்த அடியைத் தம் தூரமாக நினைத்துக்கொள்வது. திடலின் பழைய பந்துகள் சற்றுக் குறைவாகவே போகும். ஆனால் எல்லா மட்டைக்கும் அதே பந்துதான் என்பதால், மட்டைகளுக்கு இடையிலான வித்தியாசம் ஓரளவு சரியாகவே தெரியும். பந்தின் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் கருவி வைத்திருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால் இன்னும் நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. வாரம் ஒருமுறை ஆடும் நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் பையில் 14 இருக்கின்றன: டிரைவர், மூன்றாம், ஐந்தாம் எண் வுட்கள், நான்காம் எண் ஹைபிரிட், நான்கு முதல் ஒன்பது வரை ஆறு இரும்புகள், பிட்சிங் வெட்ஜ், 56 பாகை சாண்ட் வெட்ஜ், 60 பாகை லாப் வெட்ஜ், பட்டர். அளந்து பார்த்தால் இவருக்கு டிரைவர் 190 கெஜம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வுட் 168, ஐந்தாம் வுட் 166, ஹைபிரிட் 156. நான்காம் இரும்பு 141, ஐந்தாம் இரும்பு 143, ஆறாம் இரும்பு 138. அங்கிருந்து வரிசை ஒழுங்காக இறங்குகிறது: 129, 118, 106. பிட்சிங் வெட்ஜ் 94, சாண்ட் வெட்ஜ் 68, லாப் வெட்ஜ் 55.

இந்த எண்களே பேசுகின்றன. இரண்டு வுட்களுக்கும் இரண்டே கெஜ வித்தியாசம். அதிகச் சாய்வுள்ள ஐந்தாம் எண், புல்லில் கிடக்கும் பந்தை எளிதாக எழுப்பும், கிரீனில் விழுந்தால் சீக்கிரம் நிற்கும். மூன்றாம் எண்ணை வீட்டில் வைத்துவிடலாம். நான்காம் இரும்பு ஐந்தாம் இரும்பைவிடக் குறைவாகப் போகிறது. ஐந்தாம் இரும்பு ஆறாம் இரும்பைவிட ஐந்தே கெஜம் கூடப் போகிறது. இந்த இரண்டும் தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு மட்டைகளின் சராசரி ஏழெட்டுக் கெஜத்துக்கும் குறைவாக வேறுபட்டால் அவற்றில் ஒன்று வீண் என்று கொள்வது நடைமுறையில் சரியாக இருக்கும். ஏனென்றால் இந்த நிலை ஆட்டக்காரரின் ஒரே மட்டையால் அடித்த இரண்டு அடிகளே அதைவிட அதிகமாக வேறுபடும்.

மூன்றையும் எடுத்த பிறகு, ஹைபிரிட்டின் 156க்கும் ஆறாம் இரும்பின் 138க்கும் நடுவே 18 கெஜம் காலியாகிறது. இது கவனிக்க வேண்டிய இடம். 360 கெஜக் குழி ஒன்றில் இவருடைய டிரைவர் பந்து விழுந்து உருண்டு 205, 210 கெஜத்தில் நிற்கும். மிச்சம் சுமார் 150. மூன்று அடிக் குழிகளிலும் 140 முதல் 160 கெஜம் அடிக்கடி வரும். ஆகவே ஐந்தாம் எண் ஹைபிரிட் ஒன்றை வாங்கி 147 கெஜத்தை நிரப்புவது செலவுக்குத் தகுந்த பலன் தரும். அதே அகல இடைவெளி டிரைவருக்கும் ஐந்தாம் வுட்டுக்கும் நடுவே இருக்கிறது, 24 கெஜம். அதை நிரப்பத் தேவையில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்து குறிபார்த்து அடித்துப் பந்தைக் கிரீனில் நிறுத்துவது இவருக்கு அரிது. 166இல் விழுந்தாலும் 180இல் விழுந்தாலும் அடுத்த அடி ஏறத்தாழ ஒன்றுதான்.

அடுத்தது வெட்ஜ்கள். 94க்கும் 68க்கும் நடுவே 26 கெஜம். இங்கேதான் வாரயிறுதி ஆட்டக்காரர் அதிக அடிகளை இழக்கிறார், ஏனெனில் அவருடைய மூன்றாவது அடி பல குழிகளில் இந்தத் தூரத்தில் இருந்துதான் வரும். 50 பாகை கொண்ட கேப் வெட்ஜ் ஒன்று இவருக்கு 81, 82 கெஜம் தரும். வாங்கும்முன் தம்முடைய பிட்சிங் வெட்ஜின் சாய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக மட்டையில் பொறித்திருக்காது, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் இருக்கும். அதற்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் விழும் பாகையே சரியானது. பழைய 48 பாகை வெட்ஜ் வைத்திருப்பவருக்கு 52 பொருந்தும்.

60 பாகை லாப் வெட்ஜை விட்டுவிடலாம். தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டக்காரர் அதைக் கொண்டு பந்தைச் செங்குத்தாக எழுப்பிக் குழியருகே நிறுத்துவது அழகான காட்சி. வாரம் ஒருமுறை ஆடுபவர் அதை வீசும்போது, மட்டை பந்துக்கு அடியில் வழுக்கிப்போய்ப் பந்து இரண்டு கெஜம் நகர்வதும், மட்டையின் விளிம்பு பட்டுப் பந்து கிரீனைத் தாண்டி ஓடுவதும் மாறி மாறி நடக்கும். சாண்ட் வெட்ஜை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. அதன் அடிப்பாகம் அகலமாக, முன்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்து இருக்கும். மணலில் புதையாமல் சறுக்கி வெளியே வருவதற்கான அமைப்பு அது. 1932ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனை ஜீன் சாரசன் வென்றது இப்படி அடிப்பாகத்தைக் கனமாக்கிய வெட்ஜோடுதான். அதன் பிறகே இந்த வகை எல்லோர் பைக்கும் வந்தது. பிட்சிங் வெட்ஜால் மணற்குழியிலிருந்து வெளியேற முயல்பவருக்கு மட்டையின் கூரிய விளிம்பு மணலைக் கொத்தி அங்கேயே நின்றுவிடும்.

நான்கு போயின, இரண்டு வந்தன. பையில் 12. புதிதாக எதையும் வாங்க விரும்பாவிட்டால் 10 போதும். ஐந்தாம் எண் ஹைபிரிட் இல்லாத இடத்தில் நான்காம் எண் ஹைபிரிட்டைக் கொஞ்சம் கீழே பிடித்து, கையை அங்குலம் இறக்கி வீசினால் ஏழெட்டுக் கெஜம் குறையும். ஆட்டத்தில் இறங்கிப் பழகவிருப்பவர் இன்னும் குறைவாக, டிரைவர் அல்லது ஐந்தாம் வுட், ஒரு ஹைபிரிட், ஏழு, ஒன்பது இரும்புகள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் என்று ஏழோடு தொடங்கலாம். ஒரே மட்டையால் பலவித தூரம் அடிக்க நேர்வதால் வீச்சைக் கட்டுப்படுத்தும் பழக்கம் விரைவில் வரும். எந்த மட்டை என்று ஒவ்வொரு முறையும் தயங்கி நிற்பதும் குறையும்.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் பையைப் பார்த்து எடுத்துக்கொள்வதில் பொருளில்லை. 2006ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியைப் பில் மிக்கல்சன் இரண்டு டிரைவர்களோடு வென்றார். ஒன்று பந்தை வலப்புறமும் மற்றது இடப்புறமும் வளைக்க. அவர் அந்த மைதானத்தின் ஒவ்வொரு குழியையும் அறிந்து, தம் வீச்சின் விளைவைச் சில கெஜத்துக்குள் கணித்து எடுத்த முடிவு அது. வாரயிறுதி ஆட்டக்காரர் அவரிடமிருந்து கற்கக்கூடியது, பையை மைதானத்துக்கு ஏற்ப அமைக்கலாம் என்பதை மட்டுமே. நம் ஊரிலேயே இதற்கு வாய்ப்பு உண்டு. சென்னை கிண்டியில் அளந்த தூரங்கள் உதகமண்டலத்தில் பொருந்தாது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் போகும், நன்கு அடித்த அடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை. மேடு பள்ளமான மலைத் தரையில் சமநிலை இல்லாமல் நின்று அடிக்கும்போது நீண்ட மட்டைகள் இன்னும் கடினமாகும். அங்கே ஐந்தாம் வுட்டைவிட ஹைபிரிட்களே கைகொடுக்கும்.

மட்டைகளைப் பகிர்ந்துகொள்ளலாமா என்ற கேள்வி நண்பர்கள் ஆட்டத்தில் அடிக்கடி எழும். தனித்தனியாக ஆடும் போட்டியில் கூடாது, அடுத்தவர் பையிலிருந்து ஒன்றை வாங்கி அடித்தால் கூடுதல் மட்டைக்கான அதே தண்டனைதான். ஒரே அணியின் இரண்டு கூட்டாளிகள், இருவரிடமும் சேர்த்து மொத்தம் 14க்கு மிகாமல் இருந்தால் பகிரலாம். குறைவாகச் சுமப்பவருக்கு விதி தரும் இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. 12 மட்டைகளோடு தொடங்கியவர், ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமலும் அந்த மைதானத்தில் ஆடும் வேறொருவரின் மட்டையை வாங்காமலும், சுற்றின் நடுவிலேயே இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். 14ஐயும் நிரப்பிக்கொண்டு தொடங்கியவர் நடுவில் ஒன்றைத் தொலைத்துவிட்டால், அதற்குப் பதில் வேறொன்றை எடுக்க விதி இடம் தருவதில்லை.